கை நடுங்கும் என்ற கணிப்பை டீக்கடையில் வைத்துச் சோதிப்பது எப்படி: நடத்தைச் சோதனைக்கு ஒரு வழிகாட்டி

நாலு பேர் பார்க்க நின்று ஒரு டீ குடிப்பது பெரும்பாலோருக்கு யோசிக்க வேண்டிய காரியமே அல்ல. ஆனால் கிளாசைக் கையில் வாங்கப்போகும் நேரத்தை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கை நடுங்கிவிடும், டீ சிந்திவிடும், பார்த்தவர்கள் தன்னைப் பற்றித் தவறாக நினைத்துவிடுவார்கள் என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடு வாதாடிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, அதைக் கடைவாசலிலேயே சோதித்துப் பார்த்துவிடும் முறைக்குத்தான் நடத்தைச் சோதனை என்று பெயர். 1960களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய, எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் சிகிச்சையான காக்னிட்டிவ் தெரபியில் இது முக்கியமான ஒரு பகுதி. மனிதர்கள் முன்னால் வரும் பதற்றம் ஏன் தானாகக் குறைவதில்லை என்பதற்கு 1995இல் பிரிட்டனின் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்சும் ஒரு தெளிவான விளக்கம் தந்தார்கள். கீழே சொல்லப்போகும் படிகளில் பெரும்பாலானவை அந்த விளக்கத்தை ஒட்டியவை.

‘போகப் போகப் பழகிவிடும்’ என்று வீட்டில் சொல்லும் அறிவுரையும் இந்த முறையும் ஒன்றல்ல. பழகிவிடும் என்று நம்பி வருடக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தும் பயம் ஒரு துளிகூடக் குறையாதவர்கள் பலர். நடத்தைச் சோதனையில், போவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று நினைக்கிறோம் என்பதை எழுதி வைத்துவிடுகிறோம். போய்வந்த பின் நடந்ததை அதன் பக்கத்தில் எழுதுகிறோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. தைரியமாக இருந்தோமா, பதறினோமா என்பது இங்கே இரண்டாம் பட்சம்.

ஓர் உதாரணத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை பின்தொடர்வோம். விளக்குவதற்காக அமைத்துக்கொண்ட உதாரணம் இது. எந்தத் தனி மனிதரின் கதையும் அல்ல. ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்கான சுங்க வேலைகளைப் பார்க்கும் ஒரு கிளியரிங் அலுவலகம். அங்கே வேலை செய்யும் இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர். மாலை நாலரை மணிக்கு அலுவலகத்தில் நான்கு பேர் சேர்ந்து கல்மண்டபம் பக்கம் உள்ள டீக்கடைக்குப் போவார்கள். இவரையும் கூப்பிடுவார்கள். இவரோ ‘பில் என்ட்ரி பாக்கி இருக்கு’ என்று சொல்லி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவார். தப்பிக்க முடியாத நாட்களில் போய், கிளாசை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, வேகமாகக் குடித்துவிட்டுத் திரும்புவார். ‘கை நடுங்கினால் இவன் குடிக்கிறவன் என்று நினைத்துவிடுவார்கள்’ என்பதுதான் அவருடைய பயத்தின் அடிவேர். குடியால் வீடுகள் நொடிந்துபோனதைக் கண்முன் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்தப் பயம் எவ்வளவு கனமானது என்பதை நாம் மதிக்க வேண்டும். மதித்துக்கொண்டே சோதிக்கவும் வேண்டும்.

முதல் படி: சூழ்நிலையைச் சுருக்குங்கள்

‘எனக்கு ஆட்கள் என்றாலே பயம்’ என்பதைச் சோதிக்க முடியாது. அடிக்கடி வரக்கூடியதும், சில நிமிடங்களில் முடிந்துவிடுவதும், மறுபடியும் ஏறக்குறைய அதேபோல நடத்திப் பார்க்கக்கூடியதுமான ஒரு சூழ்நிலை வேண்டும். உறவுக்காரர் கல்யாணத்தில் மேடையேறிப் பேசுவது இதற்கு ஏற்றதல்ல. வருடத்தில் எப்போதாவது வருவது, தவறினால் திருப்பிப் பார்க்க வழியில்லை. மாலை டீ தினமும் வருகிறது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நம் இளைஞருக்கு அது போதும்.

இரண்டாம் படி: கணிப்பை எழுதுங்கள்

முழு வேலையும் சரியாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். முதல் முறை எழுதச் சொன்னால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள்: ‘அசிங்கமாகிவிடும்’, ‘எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்’, ‘எனக்குப் பதற்றமாக இருக்கும்’. இவை மூன்றுமே உதவாது. அசிங்கம் என்பதற்கு அளவு கிடையாது. ‘ஒரு மாதிரி’ என்பதைப் பதற்றத்தில் இருக்கிறவர் எந்தப் பார்வையிலும் கண்டுவிடுவார். பதற்றமாக இருக்கும் என்பதோ பெரும்பாலும் நடக்கத்தான் போகிறது. அதைச் சோதித்து நாம் புதிதாகத் தெரிந்துகொள்வது ஒன்றுமில்லை.

கணிப்பு நல்லதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாத ஒருவர் எதிர்க்கடையில் நின்று பார்த்தால், அது நடந்ததா இல்லையா என்று அவரால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் கணிப்பு சரி. நம் இளைஞர் கடைசியாக எழுதியது இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: ‘முழு கிளாஸ் டீயை ஒரு கையால் பிடித்து, நான்கு பேருடன் வட்டமாக நின்று குடித்தால், டீ விளிம்பைத் தாண்டிக் கீழே சிந்தும். குறைந்தது இரண்டு பேர் என் கையைக் கவனித்துப் பார்ப்பார்கள். ஒருவராவது என் கையைப் பற்றி வாய்விட்டுக் கேட்பார்.’

‘குடிகாரன் என்று நினைப்பார்கள்’ என்ற பகுதி ஏன் இதில் இல்லை என்று கேட்கலாம். பிறர் மனதில் ஓடுவதை நேரடியாகப் பார்க்க வழியில்லை. எனவே அதை ஒரு படி வெளியே இழுக்க வேண்டும்: அவர்கள் அப்படி நினைத்தால் என்ன செய்வார்கள்? ‘ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நேற்று ராத்திரி ஓவரா என்று யாராவது கேலி செய்வார்கள். மறுநாள் என்னை டீக்குக் கூப்பிட மாட்டார்கள்.’ இந்த மூன்றும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவை. மறுநாள் கூப்பிடுகிறார்களா என்பதற்கு விடை மறுநாள் நாலரை மணிக்கே கிடைத்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு கணிப்பின் பக்கத்திலும் அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண் போடுங்கள். ‘அறிவுக்குத் தெரியும், அப்படியெல்லாம் நடக்காது’ என்று சொல்லி இருபது, முப்பது என்று போட்டுவிடாதீர்கள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வரும் எண் வேறு, டீ மாஸ்டர் கிளாசை நீட்டும் நொடியில் வரும் எண் வேறு. இரண்டாவதைத்தான் போட வேண்டும். நம் இளைஞர் டீ சிந்தும் என்பதற்கு 90, இரண்டு பேர் பார்ப்பார்கள் என்பதற்கு 80, ஒருவர் கேட்பார் என்பதற்கு 70 போட்டார்.

இதே தாளில், வேறு என்ன நடக்கக்கூடும் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ‘கை கொஞ்சம் நடுங்கும், ஆனால் அவரவர் பேச்சில் அவரவர் இருப்பார்கள்’ என்பதுபோல. அந்த வரி இல்லாமல் போனால், பயந்தது நடக்கவில்லை என்று மட்டும் தெரியும். அதற்குப் பதில் என்ன நடந்தது என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

மூன்றாம் படி: தற்காப்புப் பழக்கங்களைக் கண்டுபிடியுங்கள்

பயந்த இடத்துக்குப் பலமுறை போய்வந்தும் பயம் ஏன் குறையவில்லை என்பதற்கான விடை இங்கே இருக்கிறது. விபரீதம் நடந்துவிடாமல் இருக்க நாம் சத்தமில்லாமல் செய்யும் சின்னச் சின்ன ஏற்பாடுகளைத் தற்காப்புப் பழக்கங்கள் என்று சொல்லலாம். நம் இளைஞரிடம் இவை வரிசையாக இருந்தன. கிளாஸ் நிரம்பாமல் இருக்க ‘கொஞ்சமா ஊத்துங்க’ என்று சொல்வார். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார். முழங்கையை விலாவோடு அழுத்திக்கொள்வார். வட்டத்திலிருந்து ஓர் அடி தள்ளி, பாதி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். யாரும் பார்க்காத சமயம் பார்த்துத்தான் உறிஞ்சுவார். பேச்சுக் கொடுத்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் போனைப் பார்ப்பார். இத்தனைக்கும் மேலாக, கண்ணும் மனமும் கையை விட்டு நகராது.

இவற்றோடு போய் டீ சிந்தாமல் திரும்பினால் மனம் என்ன முடிவுக்கு வரும்? ‘இரண்டு கையால் பிடித்ததால் தப்பித்தேன்’ என்றுதான் சொல்லும். பயந்தது நடக்காததற்கான பெயரைப் பழக்கம் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. கணிப்புக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. இதைவிட வருத்தமான ஒன்றும் உண்டு. இந்தப் பழக்கங்களில் சில, பயந்ததையே வரவழைக்கும். எந்தக் கையிலும் மிக நுட்பமான ஒரு நடுக்கம் இயல்பாகவே உண்டு. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் அதைக் கூட்டும். தசைகளை இறுக்கிப் பிடிப்பதும் கூட்டும். கிளாசை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு அது ஆடும். தள்ளி நிற்பதும் போனைப் பார்ப்பதும் பிறர் கண்ணில் ‘இவனுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போல’ என்று படலாம்.

உங்கள் பழக்கங்களைக் கண்டுபிடிக்க இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘அந்த இடத்தில் நான் செய்யும் எதைச் செய்யக்கூடாது என்று யாராவது தடுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்?’ வருகிற பதிலெல்லாம் பட்டியலில் சேர வேண்டியவை. போவதற்கு முன் மனதுக்குள் வசனம் ஒத்திகை பார்ப்பதும், போகும் முன் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வதும்கூட இதில் சேரும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை என்றால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பட்டியலில் குறித்து வைத்தால் போதும்.

நான்காம் படி: இரண்டு நாட்களாகச் சோதியுங்கள்

தற்காப்புப் பழக்கங்கள் உதவுகின்றனவா, கெடுக்கின்றனவா என்பதை வாதத்தால் தீர்க்க முடியாது. இரண்டு நாள் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் நாள், வழக்கமாகச் செய்யும் எல்லாவற்றையும் வேண்டுமென்றே முழு மூச்சாகச் செய்யுங்கள். இரண்டாம் நாள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதே கடையில், அதே நேரத்தில், அதே ஆட்களோடு நில்லுங்கள். அறையில் சிகிச்சையாளரோடு செய்யும்போதும் கிளார்க்கின் முறையில் இப்படித்தான் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்ப்பார்கள்.

நம் இளைஞரின் முதல் நாள். அரை கிளாஸ் டீ, இரண்டு கை, ஓர் அடி தள்ளி, கண் கையின்மேல். பதற்றம் எவ்வளவு என்று பத்துக்குப் போட்ட மதிப்பெண் 8. டீ சிந்தவில்லை. கையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒருவர் கேட்டார்: ‘ஏன்டா, எப்பப் பாத்தாலும் தள்ளியே நிக்கிற? எதுனா பிரச்சனையா?’ அன்று அவர் மேல் விழுந்த ஒரே கவனம், கவனம் விழாமல் இருக்க அவர் செய்த ஏற்பாட்டால் வந்தது. இதைத் தாளில் எழுதியபோது அவருக்கே கொஞ்சம் அதிர்ச்சி.

இரண்டாம் நாள். முழு கிளாஸ் டீ, ஒரு கை, விரல்கள் தளர்வாக, வட்டத்துக்குள். கண்ணை எங்கே வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டார். இது மிக முக்கியம், ஏனென்றால் ‘கையைப் பார்க்கக்கூடாது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் மனம் கையிலேயேதான் நிற்கும். அவர் தனக்கு மூன்று வேலைகள் கொடுத்துக்கொண்டார்: பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பது, பேச்சு எதைப் பற்றி என்று கேட்டு ஒரு கேள்வியாவது திருப்பிக் கேட்பது, நால்வரின் கண்களும் எங்கே போகின்றன என்று கவனிப்பது. மூன்றாவது வேலைதான் சோதனையின் உயிர். தலையைக் குனிந்துகொண்டிருந்தால் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடைக்காது; உள்ளே ஏற்படும் உணர்ச்சியையே சாட்சியாக எடுத்துக்கொண்டு வீடு திரும்ப நேரும்.

அன்று கிடைத்தது இது: கிளாசை வாங்கிய முதல் சில நொடிகளில் டீயின் மேற்பரப்பு ஆடியது, விளிம்பைத் தாண்டவில்லை. ஒருவர் இவர் பக்கம் பார்த்தார், ஆனால் பார்த்தது முகத்தை. பார்த்துவிட்டு, துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு கன்டெய்னர் வெளியே வந்துவிட்டதா என்று கேட்டார். மற்ற மூவரின் கண்கள் பேசுகிறவர்மீதும், ரோட்டிலும், ஒருவரது போனிலும் இருந்தன. கையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பதற்றம் முதலில் 8, டீ முடியும்போது 4.

ஐந்தாம் படி: அன்றே எழுதுங்கள்

டீக்கடையிலிருந்து திரும்பிய அரை மணி நேரத்துக்குள் எழுதிவிடுவது நல்லது. ராத்திரி வரை தள்ளிப்போட்டால், பஸ்ஸிலோ மெட்ரோவிலோ வீட்டுக்குப் போகும் வழியில் மனம் அந்தப் பத்து நிமிடத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் காட்சி கொஞ்சம் மோசமாகும். தண்டையார்பேட்டை வருவதற்குள், கன்டெய்னர் பற்றிக் கேட்டவரின் சாதாரணப் பார்வை சந்தேகப் பார்வையாக மாறியிருக்கும். எழுதி வைத்த தாள் ஒன்று இருந்தால், அந்த ஓட்டத்தை நிறுத்த அதை எடுத்துப் படிக்கலாம்.

எழுதும்போது பக்கத்தை நடுவில் கோடு கிழித்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். வலப்பக்கம் உள்ளே உணர்ந்தது. ‘எல்லோரும் கவனித்த மாதிரி இருந்தது’ என்பது வலப்பக்கம். ‘ஒருவர் என் முகத்தைப் பார்த்து கன்டெய்னர் பற்றிக் கேட்டார்’ என்பது இடப்பக்கம். கணிப்பை இடப்பக்கத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும். மனிதர்கள் முன்னால் பதறுகிறவர்கள், உள்ளே தோன்றும் கூச்சத்தை வைத்தே தாம் வெளியே எப்படித் தெரிகிறோம் என்ற படத்தை வரைந்துகொள்கிறார்கள் என்பது கிளார்க், வெல்ஸ் விளக்கத்தின் மையக் கருத்து. உள்ளே பூகம்பமாக இருக்கும் நடுக்கம் வெளியே டீயின் மேல் ஒரு மெல்லிய அலையாக மட்டும் இருக்கலாம். சந்தேகம் தீராதவர்கள், நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் ஒரு நிமிட வீடியோ எடுக்கச் சொல்லலாம். ஆனால் பார்ப்பதற்கு முன், வீடியோவில் கை எவ்வளவு ஆடும் என்று நினைக்கிறீர்கள் என்பதைக் காற்றில் செய்து காட்டிவிட்டு, பிறகு பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல, தெரிவதை மட்டும் பாருங்கள்; பார்க்கும்போது அன்றைய பதற்றம் மறுபடி கிளம்பி, அதையே படத்திலும் கண்டுவிடும் ஆபத்து உண்டு.

இதெல்லாம் முடிந்த பின் நம்பிக்கை எண்களை மறுபடி போடுங்கள். நம் இளைஞருக்கு டீ சிந்தும் என்பது 90இலிருந்து 45 ஆனது, பார்ப்பார்கள் என்பது 80இலிருந்து 40, கேட்பார்கள் என்பது 70இலிருந்து 30. எண்கள் பூஜ்யமாகவில்லையே என்று வருந்த வேண்டாம். ஒரே நாளில் பூஜ்யம் என்று எழுதுகிறவர் பெரும்பாலும் சிகிச்சையாளரைத் திருப்திப்படுத்த எழுதுகிறார்.

ஆறாம் படி: பயந்ததையே வரவழையுங்கள்

இதுவரை செய்தது, பயந்தது நடக்கிறதா என்ற சோதனை. ஆனால் இளைஞரின் மனம் இப்போது இன்னொரு கதவைத் திறக்கும்: ‘இன்று சிந்தவில்லை, சரி. என்றைக்காவது சிந்தினால்?’ சிந்தாத டீயை எத்தனை நாள் குடித்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஆகவே வேண்டுமென்றே சிந்த வேண்டும். சிகிச்சைக்கு வருகிறவர்கள் முகம் இந்த இடத்தில் மாறுவதைப் பார்க்கலாம். ஆனாலும் என் அனுபவத்தில் நம்பிக்கையை ஆழமாக அசைப்பது இந்தப் படிதான்.

மறுபடியும் தாளில் தொடங்குகிறோம். ‘கையை நடுங்கவிட்டு டீயைக் கீழே சிந்தினால், நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள் (85). யாராவது குடியைப் பற்றிக் கேலி செய்வார் (65). மறுநாள் என்னைக் கூப்பிட மாட்டார்கள் (50).’ பிறகு நிபந்தனைகள்: டீ கொஞ்சம் ஆறிய பிறகு, யார் மேலும் படாமல், தரையில் ஒரு வாய் அளவு. சிந்தியதும் ‘ஐயோ, சாரி, தூக்கமே இல்ல’ என்று விளக்கம் கொடுக்கக்கூடாது. விளக்கமும் ஒரு தற்காப்புப் பழக்கம்தான்.

நடந்தது என்ன? பக்கத்தில் நின்றவர் காலை நகர்த்திக்கொண்டு, ‘பாத்துப்பா, சட்ட மேல ஊத்திக்கப் போற’ என்றார். இன்னொருவர் திரும்பிப் பார்த்தார். மற்ற இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை. இரண்டு மூன்று நொடிகளில் பார்த்தவரும் பேச்சுக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் நாலரை மணிக்கு வழக்கம்போல ‘வா, டீக்குப் போலாம்’ என்ற குரல் வந்தது.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது, கணிப்பின் ஒரு பகுதி நடந்தும்விட்டது என்பதை. ஒருவர் பார்த்தார், ஒருவர் சொன்னார். அதை மறைக்காமல் இடப்பக்கத்தில் எழுதுங்கள். அதன் பிறகு எவ்வளவு நேரம் நீடித்தது, தொனி எப்படி இருந்தது, மறுநாள் எது மாறியது என்பதையும் எழுதுங்கள்.

கணிப்பு பலித்துவிட்டால்

சில நாட்களில் அது பலிக்கவும் செய்யும். யாராவது ஒருவர், ‘இன்னா, கை இப்படி ஆடுது, நேத்து நைட்டு ஓவரா?’ என்று கேட்டே விடலாம். நம் பக்கத்தில் கேலி செய்துகொள்வதுதான் பல நட்புகளின் மொழி என்பதால் இது நடக்கவே நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, தரவும் கூடாது. சோதனை செய்வதே விடை முன்கூட்டித் தெரியாததால்தான். இப்படி நடந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சிரித்தவர் எத்தனை பேர், மற்றவர்கள் என்ன செய்தார்கள்? அதே ஆள் வேறு யாரையும் இப்படிக் கேலி செய்வதில்லையா? அதற்குப் பிறகு என்னோடு நடந்துகொள்வதில் என்ன மாறியது? ‘இல்லண்ணே, சும்மாவே ஆடும்’ என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன ஆகிறது என்பதை அடுத்த சோதனையாக வைக்கலாம்.

பிறர் உண்மையில் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வி இன்னும் உறுத்தினால், ஒரு சின்னக் கருத்துக்கேட்பு செய்யலாம். தெரிந்த எட்டுப் பத்துப் பேரிடம், முடிந்தால் உங்கள் பெயர் வராமல் உறவினர் ஒருவர் மூலமாக, ‘டீ குடிக்கும்போது ஒருத்தர் கை நடுங்குவதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? அவரைப் பற்றிய மதிப்பு மாறுமா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். விடை எப்படி வரும் என்று முன்பே கணித்து எழுதுங்கள். காய்ச்சலாக இருக்கும், சாப்பிட்டிருக்க மாட்டார், டீ சுடுகிறதோ என்றெல்லாம் பதில்கள் வரலாம். குடிப்பழக்கம் என்று ஒன்றிரண்டு பேர் சொல்லவும் சொல்லலாம். அப்படிச் சொன்னவர்களிடம், அதற்காக அவரோடு பழகுவதை நிறுத்துவீர்களா என்ற அடுத்த கேள்வியும் போக வேண்டும்.

அடிக்கடி பார்க்கும் இன்னொரு சிக்கல், கிடைத்த சாட்சியைத் தள்ளிவிடுவது. ‘இன்று அவர்கள் நல்ல மூடில் இருந்தார்கள்’, ‘அவர்கள் நல்லவர்கள், அதனால் சொல்லவில்லை’, ‘இன்று எனக்கு நேரம் நன்றாக இருந்தது’. இதோடு சண்டை போடாமல், அதையே அடுத்த கணிப்பாக்கிவிடுங்கள்: ‘தெரியாத ஆட்கள் நிற்கும் கடையில் இதேபோலச் சிந்தினால் யாராவது முகம் சுளிப்பார்கள்.’ எண்கள் கொஞ்சமும் அசையாமல் இருந்தாலோ, பெரும்பாலும் பட்டியலில் வராத ஒரு பழக்கம் எங்கோ ஒளிந்திருக்கும். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே குடித்த ஒருவருக்கு அதுவும் ஒரு பழக்கம் என்று தெரிய நாளாகலாம்.

எங்கே நிறுத்த வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும்

தனியாக, யாரும் இல்லாத வீட்டில் தண்ணீர் குடிக்கும்போதும் கை நடுங்கினால் இந்தச் சோதனைகளுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பூட்டமால், சில மனநல, வலிப்பு மருந்துகள், குடும்பத்தில் வழிவழியாக வரும் நடுக்கம் ஆகியவை கையை நடுங்க வைக்கும். தினமும் குடிக்கிறவர் நிறுத்தும்போது வரும் நடுக்கம் அவசரமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. நடுக்கத்துக்கு உடல் காரணம் இருந்தாலும் ‘பார்த்தால் என்ன நினைப்பார்கள்’ என்ற கணிப்பைச் சோதிக்கலாம், ஆனால் சிகிச்சையோடு சேர்த்து.

உண்மையான ஆபத்தைச் சோதனைப் பொருளாக்கக்கூடாது. உங்களை நிஜமாகவே அவமானப்படுத்தும் மேலாளரோ, ஜாதியையோ உடலையோ சொல்லி இழிவு செய்யும் கூட்டமோ இருந்தால், அங்கே தவறாக இருப்பது உங்கள் கணிப்பு அல்ல. அந்த இடத்துக்குத் தேவை வேறு வகை உதவி.

வேலைக்கே போக முடியாத அளவு பதற்றம் இருந்தாலோ, மனச்சோர்வு சேர்ந்திருந்தாலோ, சோதனைகளைத் தனியாகச் செய்யாமல் பயிற்சி பெற்றவருடன் செய்யுங்கள். பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல நிலையம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸைத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் டீக்கடைச் சோதனை எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு அன்றே அழையுங்கள்.

மற்றவர்கள், ஒரே சூழ்நிலையில் எண்கள் அடுத்தடுத்த இரண்டு மூன்று சோதனைகளில் இருபதுக்குக் கீழே நின்றுவிட்டால் அதை விட்டு நகரலாம். நம் இளைஞரின் தாளில் அடுத்ததாக இருந்தது, திங்கட்கிழமை காலை அலுவலகக் கூட்டத்தில் தன் ஃபைல்களைப் பற்றி உட்காராமல் நின்று இரண்டு நிமிடம் பேசுவது. கணிப்பு: ‘குரல் நடுங்கும், முதலாளி பாதியில் நிறுத்தி வேறு ஒருவரைப் பேசச் சொல்வார்.’ நம்பிக்கை 75. விட வேண்டிய பழக்கம், பேப்பரைப் பார்த்தே படிப்பது.